விடுதி அறையில் இருக்கும் மடிக்கணினிக்கு ஊர் வீட்டுப் பாலிசி பணம் தருமா?

விருத்தாசலத்திலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ பிள்ளையைப் புதுச்சேரிக்குப் படிக்க அனுப்பும் பெற்றோரில் பலர் ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்: வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறது, பொருட்களுக்கும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறோம், பிள்ளையின் மடிக்கணினியும் அதில் அடங்கிவிடும். பெரும்பாலும் அடங்காது. எந்த இடத்தில் அந்தப் பாலிசி நின்றுவிடுகிறது, அதற்கு அப்பால் மாணவர் என்ன செய்துகொள்ள வேண்டும் என்பதை லாஸ்பேட்டை, காலாப்பட்டு பக்கம் அறை எடுக்கும் மாணவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கடலூரிலோ சிதம்பரத்திலோ தங்குபவருக்கும் இதே விதிகள்தான்.

முதல் படி: அப்பாவின் பாலிசியை எடுத்துப் படியுங்கள்

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு விற்கும் தீக்காப்பீட்டுக்கு ஒரே மாதிரியான பாலிசி நடைமுறையில் இருக்கிறது. அதன் பெயர் பாரத் கிரஹ ரக்ஷா. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றே. கட்டடத்துக்கும் பொருட்களுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பொருட்களுக்குத் தானாகவே கிடைத்துவிடும். தனிப் பட்டியல் தர வேண்டியதில்லை. 30 லட்சத்துக்குக் காப்பீடு செய்த வீடு என்றால் உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 6 லட்சம். இந்தத் தாராளம்தான் பெற்றோருக்குத் தவறான தைரியத்தைத் தருகிறது.

பாலிசியின் முதல் பக்கத்தில் ஒரு முகவரி இருக்கும். 'உங்கள் வீடு' என்று பாலிசி சொல்வதெல்லாம் அந்த முகவரியை மட்டும்தான். பிறகு விலக்குகள் பகுதிக்குப் போங்கள். 'உங்கள் வீட்டிலிருந்து வேறு எந்த இடத்துக்கும் எடுத்துச் செல்லப்பட்ட பொருளுக்கு நேரும் இழப்பு' அங்கே தெளிவாக விலக்கப்பட்டிருக்கிறது. மடிக்கணினியை அப்பா வாங்கிக் கொடுத்திருக்கலாம், ரசீதும் அவர் பெயரில் இருக்கலாம், பிள்ளை அவருடைய குடும்ப அட்டையிலேயே இருக்கலாம். பொருள் வாசலைத் தாண்டிவிட்டால் பாலிசி அங்கேயே நின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கி எடுக்கவைத்த பாலிசி என்றால் அது கட்டடத்துக்கு மட்டுமே இருக்க வாய்ப்புண்டு. வங்கிக்குத் தன் கடனுக்கு ஈடான சுவர்தான் முக்கியம், உள்ளே இருக்கும் பீரோ முக்கியமில்லை. அப்படியானால் ஊர் வீட்டுப் பொருட்களுக்கே காப்பு இல்லை, புதுச்சேரி அறையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சில வீடுகளில் 'ஹவுஸ்ஹோல்டர்' என்று சொல்லப்படும் பல பகுதிகள் கொண்ட பழைய வகைப் பாலிசி இருக்கும். அதில் தீ, கொள்ளை, வீட்டுச் சாதனப் பழுது, சைக்கிள், பயண உடைமை என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. எந்தப் பகுதிக்கு எதிரே தொகை எழுதிப் பிரீமியம் கட்டியிருக்கிறதோ அது மட்டும்தான் உயிரோடு இருக்கும். 'ஆல் ரிஸ்க்' பகுதியில் அந்த மடிக்கணினியே வரிசை எண்ணோடு பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்தால், வீட்டுக்கு வெளியேயும் காப்பு தொடர வாய்ப்பிருக்கிறது. பயண உடைமைப் பகுதியை நம்ப வேண்டாம். அது பஸ்ஸிலும் ரயிலிலும் போகும்போது இருக்கும் பெட்டிக்கு. மாதக்கணக்கில் தங்கியிருக்கும் அறைக்கு அல்ல.

விடுதி நிர்வாகத்தின் காப்பீடு உதவாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது நிர்வாகத்தின் கட்டடத்துக்கும் நிர்வாகத்தின் கட்டிலுக்கும்தான். சேர்க்கைப் படிவத்தில் 'மாணவர் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும்போது அதைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எந்த ஆபத்துக்குக் காப்பு என்பதைப் பிரித்துப் பாருங்கள்

அப்பாவின் பாலிசி நின்றுவிட்டது. சரி, மாணவரின் அறைக்கென்றே பாரத் கிரஹ ரக்ஷாவில் பொருட்களுக்கு மட்டும் ஒரு பாலிசி எடுக்கலாமா? எடுக்கலாம். வாடகைக்கு இருப்பவர் கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருட்களுக்கு மட்டும் எடுக்க அதில் வழி இருக்கிறது. நம் கடற்கரைக்கு அது மிகவும் பொருத்தமானது, ஏனென்றால் புயலும் வெள்ளமும் அதன் அடிப்படைக் காப்பிலேயே அடக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது நகரத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரைத்தள அறையில் கட்டிலுக்கடியில் பெட்டி வைத்திருக்கும் மாணவருக்கு இந்த ஒரு காப்பே பெரிய விஷயம்.

ஆனால் திருட்டு? இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பாரத் கிரஹ ரக்ஷாவில் 'திருட்டு' என்ற சொல் இருக்கிறது. முகவரும் வாய்வார்த்தையாக 'திருட்டும் உண்டு' என்று சொல்லிவிடுவார். முழு வாக்கியத்தையும் படித்தால், தீ, புயல், வெள்ளம் போன்ற காப்புக்குட்பட்ட நிகழ்வு ஒன்று நடந்து, அதன் நேர் விளைவாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும்தான் அது. புயலில் கதவு பெயர்ந்து, மறுநாள் யாரோ புகுந்து எடுத்துப் போனால் கிடைக்கும். சாதாரண நாளில் காணாமல்போனால் கிடைக்காது.

சாதாரண நாள் திருட்டுக்கு 'பர்க்லரி' காப்பு என்று தனியாக இருக்கிறது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: பூட்டை உடைத்தோ, ஜன்னலைப் பெயர்த்தோ, ஆளை மிரட்டியோ, பலவந்தமாக உள்ளே வந்திருக்க வேண்டும் அல்லது வெளியேறியிருக்க வேண்டும். அதன் தடயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதோடு, வீட்டில் உடன் இருப்பவரோ, அங்கே வந்துபோக உரிமை உள்ளவரோ எடுத்ததாக இருந்தால் பெரும்பாலான பாலிசிகளில் விலக்கு.

குடும்பம் வாழும் வீட்டுக்கு இந்த நிபந்தனைகள் நியாயமாகவே தோன்றும். நாலு பேர் தங்கும் அறைக்கு அவற்றைப் பொருத்திப் பாருங்கள். அறைக்கு ஒரே பூட்டு, நாலு சாவி. அறைத்தோழர் உரிமையோடு உள்ளே வருபவர். அவர் அழைத்துவரும் நண்பரும் உரிமையோடுதான் வருகிறார். குளிக்கப் போனவர் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார், பூட்டுவதில்லை. விடுதியில் காணாமல்போகும் பொருள் பெரும்பாலும் போவது இப்படித்தான், பூட்டு உடைந்து போவது குறைவு. ஆகவே பகிர்ந்த அறையில் தங்குபவர் கேட்க வேண்டிய காப்பு, 'பலவந்தம் இல்லாத திருட்டும் சேர்த்து' என்று எழுத்தில் இருக்கும் காப்பு. சில நிறுவனங்கள் அதைக் கூடுதல் பிரீமியத்துக்குத் தருகின்றன, பல தருவதில்லை. மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் மட்டும் எடுக்கும் தனிச் சாதனப் பாலிசிகளிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். கடையில் விற்கும் திட்டங்கள் பல, கீழே விழுந்து உடைவதற்கும் தண்ணீர் கொட்டுவதற்கும்தான். திருட்டு அவற்றில் இல்லாமலே இருக்கலாம். நீட்டிக்கப்பட்ட வாரன்டி காப்பீடே கிடையாது, உள் பழுதுக்கு மட்டும் அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் விருத்தாசலத்தில் இருக்கிறார்கள். மேலே சொன்னபடி 30 லட்சத்துக்கு வீட்டுப் பாலிசி, பொருட்களுக்கு 6 லட்சம். மகள் லாஸ்பேட்டையில் தரைத்தள அறை ஒன்றில் மூன்று தோழிகளோடு தங்குகிறாள். மடிக்கணினி 62,000 ரூபாய், கைப்பேசி 19,000, சைக்கிள் 8,000, மெத்தையும் மேசை விசிறியும் 6,000, துணியும் புத்தகங்களும் 15,000. மொத்தம் 1,10,000 ரூபாய்.

நவம்பரில் வெள்ளம் புகுந்தது என்று வைத்துக்கொள்வோம். மெத்தை, விசிறி, துணி, புத்தகம் எல்லாம் வீண், மடிக்கணினிக்குள்ளும் தண்ணீர் போய்விட்டது. அப்பாவின் 6 லட்சத்திலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. அறை முகவரிக்கு மகள் தனியாக 1,10,000 ரூபாய்க்குப் பொருட்களுக்கான பாரத் கிரஹ ரக்ஷா எடுத்திருந்தால், 21,000 ரூபாய்ப் பொருட்களோடு மடிக்கணினிக்கும் சேர்த்துக் கோரலாம். இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர், பழுது பார்க்க முடியும் என்று சொன்னால் பழுதுச் செலவு, முடியாது என்றால் அதே போன்ற இன்னொன்றின் விலை. ஆகக் கூடுதலாக 83,000 ரூபாய் வரை. பெட்டியில் இருந்த மதிப்பெண் சான்றிதழும் ரொக்கமும் நனைந்திருந்தால் அவற்றுக்கு எதுவும் கிடைக்காது. ஆவணங்களும் பணமும் இந்தக் காப்பில் சேராது. சான்றிதழ்களை ஊர் வீட்டிலேயே வைத்துவிட்டு நகலோடு வருவது நல்லது. சைக்கிளைப் பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: வண்டிகள் விலக்கப்பட்டிருப்பதால் அதைப் பொருளாகக் கொள்வார்களா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

அடுத்து, தீபாவளி விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்து மடிக்கணினியைக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பாவின் பாலிசி இப்போதும் பூஜ்யம். மகளின் பாரத் கிரஹ ரக்ஷாவும் பூஜ்யம், ஏனென்றால் முன்னால் புயலோ தீயோ இல்லை. பர்க்லரி காப்பு சேர்த்திருந்தால் மட்டுமே கிடைக்கும். அதிலும் பழைய பொருளுக்குத் தேய்மானம் கழித்துத் தரும் பாலிசிகள் உண்டு. இரண்டு ஆண்டு பயன்படுத்திய கணினிக்குப் புதிதின் விலை வராது. பிரீமியத்தைக் குறைக்கலாம் என்று மொத்த மதிப்பில் பாதிக்கு மட்டும் காப்பு எடுத்திருந்தாலோ, வரும் தொகையும் பாதியாகும்: 40,000 ரூபாய் இழப்பென்று மதிப்பிட்டால் 20,000 தான் கையில் வரும். குறைவாகக் காப்பீடு செய்தவருக்கு இப்படி விகிதப்படி வெட்டும் விதி பர்க்லரி காப்பில் உண்டு. பாரத் கிரஹ ரக்ஷாவில் அந்த வெட்டு இல்லை.

மூன்றாவது, மாலை நேரம். மடிக்கணினி மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது, மகள் சாப்பிடப் போயிருக்கிறாள், திரும்பி வந்தால் இல்லை. பூட்டு உடையவில்லை, யார் வந்தார்கள் என்றும் தெரியவில்லை. மேற்சொன்ன மூன்று காப்பும் கைவிடும். பலவந்தம் இல்லாத திருட்டை ஏற்கும் பாலிசி ஒன்றுதான் இங்கே பேசும். மூன்று நிகழ்வுகளில் இதுவே சாதாரணமாக நடப்பது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: வாங்கும் முன் எழுத்தில் கேளுங்கள்

நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். தங்குமிடம் கல்லூரி விடுதியா, தனியார் விடுதியா, நண்பர்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீடா, அறையில் எத்தனை பேர், பூட்டும் அலமாரி உண்டா என்பதை முதலில் உள்ளபடி எழுதுங்கள். பிறகு கேளுங்கள்: இந்த முகவரியை நீங்கள் 'வீடு' என்று ஏற்பீர்களா? பூட்டு உடையாமல் நடக்கும் திருட்டுக்குக் காப்பு உண்டா? அறைக்குள் உரிமையோடு வந்தவர் என் அலமாரிப் பூட்டை உடைத்து எடுத்தால் அதைப் பலவந்தம் என்று கொள்வீர்களா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. பர்க்லரி காப்பின் வாசகம் பொதுவாகக் கட்டடத்துக்குள் பலவந்தமாக நுழைவதைப் பற்றிப் பேசுகிறது. உள்ளே இருக்கும் அலமாரியை உடைப்பது அதில் சேருமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். பதில் மின்னஞ்சலில் வரட்டும், தொலைபேசியில் கேட்ட பதிலைக் கோரிக்கை நாளில் காட்ட முடியாது. விடுதி என்று தெரிந்ததும் நிறுவனம் மறுத்தால் அதுவும் நல்லதே. மறைத்து வாங்கிய பாலிசி, இழப்பு நேர்ந்த பிறகு அந்தக் காரணத்தாலேயே மறுக்கப்படும்.

யார் பெயரில் எடுப்பது? பொருள் யாருடையதோ அவர் பெயரில். 18 வயது நிறையாத மாணவர் என்றால் அப்பாவோ அம்மாவோ எடுக்க வேண்டும், ஆனால் பொருள் இருக்கும் இடமாகப் புதுச்சேரி முகவரி எழுதப்பட்டிருக்க வேண்டும். மடிக்கணினி ரசீது அப்பா பெயரில், பாலிசி மகள் பெயரில் என்றிருந்தால், வாங்கும்போதே அந்தக் கணினி மகளுக்குக் கொடுக்கப்பட்டது என்று அப்பா ஒரு கடிதம் எழுதி வைத்துவிடலாம். புதிதாக வாங்கப்போகிறீர்கள் என்றால் ரசீதையே மாணவர் பெயரில் போடச் சொல்லுங்கள்.

காலமும் முக்கியம். கல்லூரி திறக்கும் ஜூலை, ஆகஸ்டிலேயே எடுத்துவிடுங்கள். வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகிவிட்டது என்று செய்தி வந்த பிறகு போனால், புதுப் பாலிசி தர நிறுவனங்கள் தயங்கும்.

நான்காம் படி: பொருளின் அடையாளத்தை அறைக்கு வெளியே வையுங்கள்

மடிக்கணினியைத் திருப்பி அடியில் இருக்கும் வரிசை எண்ணைப் படம் எடுங்கள். கைப்பேசியில் *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீதுகளையும் அறையின் படங்களையும் வாடகை ஒப்பந்தத்தையும் அம்மாவின் கைப்பேசிக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். களவுபோன கணினிக்குள்ளேயே அதன் ரசீது இருந்து பயனில்லை.

ஐந்தாம் படி: இழப்பு நேர்ந்த அன்று

திருட்டு என்றால் முதலில் காவல் நிலையம். தமிழ்நாட்டுப் பக்கம் கடலூரில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று தருவார்கள். அது புகார் வந்ததற்கான ஒப்புகை மட்டுமே. காப்பீட்டு நிறுவனம் கேட்பது எஃப்.ஐ.ஆர். புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. பணிவோடு, ஆனால் விடாமல் கேளுங்கள்.

புகாரின் சொற்களில் கவனம் வேண்டும். 'மடிக்கணினி காணாமல்போய்விட்டது' என்று எழுதினால் கோரிக்கை அங்கேயே முடிந்துவிடலாம், ஏனென்றால் தொலைந்துபோன பொருளைக் காப்பீடு ஏற்பதில்லை. குறிப்பிட்ட ஒரு நிகழ்வோடு இழப்பைத் தொடர்புபடுத்தியாக வேண்டும். பூட்டு உடைந்திருந்தால் எந்தப் பூட்டு, எப்படி உடைந்திருந்தது, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். உடைந்த பூட்டைத் தூக்கி எறியாதீர்கள். எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவுகள் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் குடியிருப்புக்குள் நடக்கும் திருட்டு 305, அத்துமீறி உள்ளே புகுவதற்கும் உடைத்துப் புகுவதற்கும் தண்டனை 331. பூட்டு உடைந்த வழக்கில் 331 இல்லாமல் திருட்டுப் பிரிவு மட்டும் இருந்தால், பலவந்தம் எங்கே என்று நிறுவனம் கேட்கும். நடந்ததை நடந்தபடிதான் எழுத வேண்டும். உடையாத பூட்டை உடைந்ததாக எழுதுவது மோசடி. கைப்பேசியும் போயிருந்தால் எஃப்.ஐ.ஆர். நகலோடு ceir.gov.in தளத்தில் அதை முடக்கிவிடுங்கள்.

வெள்ளம் என்றால் வேறு வேலை. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டோடு சேர்த்து நனைந்த பொருட்களைப் படம் எடுங்கள். கணினியைப் போட்டுப் பார்க்கத் தோன்றும், செய்யாதீர்கள். நாற்றமெடுக்கும் மெத்தையை உடனே குப்பையில் போடச் சொல்லி வீட்டுக்காரர் அவசரப்படுத்துவார். சர்வேயர் பார்க்கும் வரை மொட்டை மாடியில் வைக்க அனுமதி கேளுங்கள். முடியாது என்றால், அப்புறப்படுத்தப்போகிறோம் என்று நிறுவனத்துக்குப் படத்தோடு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லி, கோரிக்கை எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்துவிட்டால்

எந்த விலக்கைக் காட்டி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். அது சரியில்லை என்று பட்டால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும், அல்லது bimabharosa.irdai.gov.in தளத்தில் பதிய வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. கடலூர் மாவட்டத்துக்கும் புதுச்சேரி நகரத்துக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம்தான். வாங்கும் முன் வந்த அந்த மின்னஞ்சல் பதில் அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அறை மாறும்போது

அப்பாவின் பாலிசியை நிறுத்திய அதே விதி உங்கள் பாலிசிக்கும் உண்டு. அறை முகவரிக்கு எடுத்த பாரத் கிரஹ ரக்ஷா, பொங்கல் விடுமுறைக்கு மடிக்கணினியை ஊருக்குக் கொண்டுபோனால் அதோடு போகாது. ஊர் வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகு அது அப்பாவின் பாலிசிக்குள் வருமா என்பது, குடும்பத்தினரின் பொருளை அந்தப் பாலிசி எப்படி வரையறுக்கிறது என்பதைப் பொறுத்தது. வழியில் பஸ்ஸில் இரண்டுமே இல்லை. அடிக்கடி ஊருக்குப் போய்வருபவர் என்றால், முகவரியோடு கட்டப்படாத தனிச் சாதனப் பாலிசியே கணினிக்கு ஏற்றது, மற்ற பொருட்களுக்கு அறைப் பாலிசி போதும். இரண்டாம் ஆண்டில் லாஸ்பேட்டையை விட்டுக் காலாப்பட்டுக்கு மாறினால், பொருட்களை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதி, புதிய முகவரியைப் பாலிசியில் சேர்த்த ஒப்புதல் தாளை வாங்கிவிடுங்கள்.